மருதாணிக்கு இரண்டு நாள் வேண்டும்

திருமணக் காலம் நெருங்கிவிட்டால் களியக்காவிளைக் கடைத்தெருவில் வளையல் கடைகளின் முகப்பிலெல்லாம் மருதாணிக் கோன்கள் சரஞ்சரமாகத் தொங்கத் தொடங்கும். ஒரு பக்கம் மார்த்தாண்டத்திலிருந்தும் மறுபக்கம் பாறசாலையிலிருந்தும் சாமான் வாங்க வருகிற பெண்கள், சேலைக்கும் செருப்புக்கும் நெடுநேரம் செலவிட்டுவிட்டுக் கோனை மட்டும் போகிற போக்கில் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு போவார்கள். விலை மலிவான பொருள்தானே என்ற எண்ணம். ஆனால் அன்று வாங்கிய பொருள்களுள் தோலுக்குள்ளேயே இறங்கப்போவது அது ஒன்றுதான். ஆகவே இம்மாதம் இப்பக்கத்தில் மருதாணிப் பொடியையும் கோனையும் சற்று நிதானமாகக் கையிலெடுத்துப் பார்ப்போம்.

மருதாணி நமக்குப் புதிதன்று. மருதோன்றி என்றும் அழைக்கப்படுகிற இச்செடி இனிமைமிகு பாடலின் முதல் அதிகாரத்திலேயே இடம்பெறுகிறது. எல்லைக்கு அப்பால் இதற்கு மைலாஞ்சி என்று பெயர். இப்பக்கத்திலும் பலர் அச்சொல்லையே வழங்குகிறார்கள். வேலியோரம் நின்ற செடியிலிருந்து இலை பறித்து, அம்மியில் மைய அரைத்து, விரல் நுனிகளில் தொப்பி போல் வைத்துக்கொண்டு உறங்கிய தலைமுறையினர் நம் இல்லங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் ஒரு செய்தியைத் தவறாமல் கூறுவார்கள்: காலையில் கழுவும்போது நிறம் மட்டமாகத்தான் இருக்கும், மறுநாள்தான் சிவக்கும். இக்கட்டுரையில் நாம் கூற விரும்புவது ஏறத்தாழ முழுவதும் அந்த ஒரு வாக்கியத்திற்குள் அடங்கியிருக்கிறது.

காரணத்தைக் காண்போம். மருதாணி இலையில் லாசோன் என்னும் சாயப்பொருள் உண்டு. அளவில் அது மிகச் சிறிது. காய்ந்த இலையின் எடையில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவே. புளிப்பான நீரில் பொடியைக் குழைத்து வைத்தால் இச்சாயம் இலையைவிட்டு மெல்ல வெளிவருகிறது. அதனைத் தோலின்மேல் வைக்கும்போது மேல்தோலில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தோடு அது இறுகப் பிணைந்துகொள்கிறது. பிணைந்த உடனே அதன் நிறம் செம்மஞ்சள், நம் வீட்டுப் பேச்சில் சொன்னால் ஆரஞ்சு. பின்னர் காற்று பட்டு ஒரு நாள், இரண்டு நாள் கழியும்போதுதான் அது கருஞ்சிவப்பாகவும் பழுப்பாகவும் முதிர்கிறது. வெட்டிவைத்த வாழைக்காய் காற்றில் கறுப்பதைப் போன்ற ஒரு மாற்றம் என்று கொள்ளலாம். இந்த முதிர்ச்சியை எவராலும் ஒரு மணி நேரத்திற்குள் சுருக்கிவிட இயலாது. தூய மருதாணி எவ்வளவு உயர்ந்ததாயினும் எடுத்தவுடன் கறுப்பதில்லை. என்றைக்குமே மைக்கறுப்பாக ஆவதுமில்லை.

இந்த இடத்தில்தான் நம் திருமண வீட்டு வழக்கம் இடையூறாக நிற்கிறது. திங்கட்கிழமை காலை ஆலயத்தில் திருமணம் என்றால், ஞாயிறு மாலை உறவினர் கூடிய பிறகே பெண்ணுக்கு மருதாணி இடுகிறோம். இரவு பத்து மணிக்குக் காய்ந்ததைக் களைந்தால், மறுநாள் பலிபீடத்தின் முன் நிற்கும்போது கையில் இருப்பது வெறும் ஆரஞ்சு நிறம். நிழற்படத்தில் அது எடுபடவில்லை என்று தாய்மார்கள் குறைப்படுகிறார்கள். அந்தக் குறையைத் தீர்ப்பதற்கென்றே "பத்து நிமிடத்தில் சிவக்கும்", "உடனடிக் கறுப்பு" என்னும் கோன்கள் சந்தைக்கு வந்தன. அவற்றில் நிறம் தருவது பெரும்பாலும் மருதாணி அன்று.

உடனே சிவக்கும் கோன்களில் சோடியம் பிக்ரமேட் என்னும் செயற்கைச் சாயம் சேர்க்கப்படுவதுண்டு. இது தலைச்சாயத் தொழிலைச் சேர்ந்த பொருள். தோலில் பூசுவதற்கு உரியதன்று. கறுக்கும் கோன்களில் அஞ்ச வேண்டிய பொருள் வேறு. அதன் பெயர் பாரா-ஃபினைலின்டயமின், சுருக்கமாக பி.பி.டி. என்பர். கடையில் கிடைக்கும் கறுப்புத் தலைச்சாயங்கள் பலவற்றின் உயிர்நாடி இதுவே. தலைமுடிக்கு இட்டு அரை மணியில் கழுவுவதற்கே இதற்கு அளவுக் கட்டுப்பாடு உண்டு. ஐரோப்பிய நாடுகளில் முடியில் இடும்போது நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது, தோலில் பூசவே கூடாது. நம் நாட்டிலும் தலைச்சாயப் பெட்டிகளின்மேல், முன்கூட்டிச் சோதித்துப் பார்க்க வேண்டும், இமையிலும் புருவத்திலும் இட்டால் பார்வை பறிபோகக்கூடும் என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். அதே பொருள் ஒரு கோனுக்குள் எச்சரிக்கை ஏதுமின்றி, அளவும் தெரியாமல், சிறுமியின் கையில் மணிக்கணக்கில் படிந்திருக்குமானால் அதன் விளைவை எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவின் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2006-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக இதனையே அறிவித்தது. அங்கு மருதாணிக்கே தலைமுடிச் சாயமாகத்தான் அனுமதி உண்டு. தோலில் இடுவதற்கு இல்லை.

இதன் கேடு அன்றோடு முடிவதில்லை என்பதே நம்மைக் கவலைக்குள்ளாக்குகிறது. கோலம் போட்ட கோடுகளின் வழியே கொப்புளம் எழும்பி, நீர் வடிந்து, ஆறிய பின்னும் அதே கோலத்தில் தழும்போ வெளுப்போ தங்கிவிடலாம். அதுகூட ஒருநாள் மறையும் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ஒருமுறை பி.பி.டி.க்கு ஒவ்வாமை கொண்ட உடல் அதனை வாழ்நாள் முழுவதும் மறப்பதில்லை. எட்டு வயதில் ஒரு விழாவுக்காகக் கறுப்புக் கோன் இட்டுக்கொண்ட பெண், நாற்பது வயதில் நரைக்குச் சாயம் இடும்போது முகமும் கண்ணும் வீங்கி மருத்துவமனைக்குச் செல்ல நேரிடலாம். துணிச் சாயங்கள் சிலவும், மரத்துப்போகச் செய்யும் மருந்துகள் சிலவும் இதனோடு உறவுடையவை. அவையும் அவளுக்கு ஒத்துக்கொள்ளாமற் போகலாம். தலைச்சாயம் இட்டு ஏற்கெனவே அரிப்பு கண்ட தாய்மாரும் தந்தையரும் கறுப்புக் கோனின் அருகிலும் செல்ல வேண்டாம்.

இனிக் கடைக்குச் செல்வோம். கோனுக்குள் இருப்பதைக் கண்ணால் காண வழியில்லை. ஆயினும் மூன்று அடையாளங்கள் நமக்கு உதவும். முதலாவது, அது தரும் வாக்குறுதி. எத்தனை நேரத்தில், என்ன நிறம் என்று உறையில் எழுதியிருப்பதைப் பாருங்கள். நிமிடக் கணக்கில் கருஞ்சிவப்போ கறுப்போ வாக்களிக்கப்பட்டிருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டிய தேவையே இல்லை. இரண்டாவது, மணம். நல்ல குழைவு ஈர வைக்கோலையும் பச்சிலையையும் நினைவூட்டும். தைலம் சேர்ந்திருந்தால் அந்த மணமும் வரும். மண்ணெண்ணெய், பெட்ரோல், வார்னிஷ் போன்ற நெடி வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூன்றாவது, நாள். இதைப் பற்றிப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை; ஆகவே சற்று விரித்துச் சொல்கிறோம்.

மருதாணி பொடியாக இருக்கும்வரை நீடித்து வாழும். காற்றும் ஒளியும் ஈரமும் புகாதபடி மூடி வைத்தால் ஓராண்டு வரை நிறம் குன்றாமல் இருக்கும். நீர் பட்டுக் குழைந்த பிறகோ அதன் ஆயுள் நாள் கணக்குதான். வெளிவந்த சாயம் தோலைத் தேடுகிறது. தோல் கிடைக்காவிட்டால் மெல்ல மெல்லத் தானே கெடுகிறது. நம் ஊர் வெப்பத்தில் குழைத்த மருதாணி வெளியில் ஓரிரு நாள் தாங்கும். குளிர்பதனப் பெட்டியில் ஏறத்தாழ ஒரு வாரம். பனிக்கட்டி உறையும் பகுதியில் சில மாதங்கள். இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். கடை முகப்பில் வெயில்பட மாதக்கணக்கில் தொங்கும் கோன், அதன்மேல் இரண்டாண்டு வரை பயன்படுத்தலாம் என்ற குறிப்பு, இட்டவுடன் நல்ல நிறம். இம்மூன்றும் ஒன்றாக வந்தால் நிறம் தருவது இலையின் சாயமாக இருக்க முடியாது. வேறு எதுவோ அதற்குள் இருக்கிறது. அது என்ன என்று உறையில் எழுதப்படாவிட்டால், "நூறு சதவீதம் இயற்கை" என்ற பெரிய எழுத்து மட்டும் போதாது. மூலப்பொருள் பட்டியல், தயாரித்தவரின் முகவரி, உரிம எண், தொகுதி எண், நாள் ஆகியவை இல்லாத கோன் எவ்வளவு மலிவாயினும் வேண்டாம்.

இக்காலத்தில் பெண்கள் சிலர் வீட்டிலேயே இயற்கைக் கோன் தயாரித்து விற்கிறார்கள். நல்ல முயற்சிதான். அவர்களிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எப்போது குழைத்தீர்கள்? எங்கே வைத்திருந்தீர்கள்? "நேற்று, ஃபிரீசரில்" என்று விடை வந்தால் நம்பி வாங்கலாம். தபாலில் நான்கு நாள் வெயிலில் பயணம் செய்து வரும் கோன் நேர்மையான பொருளாகவே இருந்தாலும் நிறம் இழந்திருக்கக்கூடும்.

பொடி வாங்குவோர்க்கும் ஒரு சொல். இராஜஸ்தானத்தின் பாலி மாவட்டத்துச் சோஜத் என்னும் ஊர் மருதாணிக்குப் பேர்போனது. 2021-இல் சோஜத் மெஹந்திக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வறண்ட வெயிலில் வளரும் செடியின் இலையில் சாயம் மிகுதி. இரு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்துச் செடி தழைத்து வளரும். ஆனால் சாயம் சற்றுக் குறைவாகவே இருக்கும். கொல்லைப்புறத்து இலை ஆரஞ்சோடு நின்றுவிட்டால் அது செடியின் குற்றமன்று. நல்ல பொடி மங்கிய பச்சை நிறமாக, காய்ந்த முருங்கையிலைப் பொடி போல் இருக்கும். கண்ணைப் பறிக்கும் பச்சையாக இருந்தால் நிறமேற்றப்பட்டதோ என ஐயுறுங்கள்; பழுப்பேறியிருந்தால் பழையது. "கறுப்பு மெஹந்தி" என்று சிறு பொட்டலங்களில் விற்கப்படுவது பெரும்பாலும் பெயரளவில் மருதாணி, உண்மையில் தலைச்சாயம். அதனைக் குழைத்துக் கையில் இடுவது பெருந்தவறு. தலைக்கு விற்கப்படும் தூய மருதாணிப் பொடியும் கைக்கு அவ்வளவாக உதவாது. நரநரப்பாக இருப்பதால் கோன் முனையை அடைத்துக்கொள்ளும்.

மேலே கூறிய திங்கட்கிழமைத் திருமணத்தையே எடுத்துக்கொண்டு, நாமே குழைத்து இடுவதாக வைத்துக்கொள்வோம். மணப்பெண்ணுக்கும் இரண்டு மூன்று தோழியர்க்கும் 50 கிராம் பொடி போதும். அதனை மெல்லிய மல் துணியில் ஒருமுறை சலித்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய கரண்டிச் சர்க்கரை சேருங்கள். குழைவு தோலில் ஒட்டி நிற்பதற்கும் விரைவில் காய்ந்து உதிராமல் இருப்பதற்கும் அதுவே துணை. எலுமிச்சைச் சாற்றில் பாதியளவு தண்ணீர் கலந்து, சிறிது சிறிதாக ஊற்றிப் பிசைந்து, முதலில் கெட்டியான மாவுப் பதத்தில் நிறுத்துங்கள். கட்டன்சாயா விட்டால்தான் சிவக்கும் என்பார் உண்டு. அதனால் கேடில்லை, பெரிய பயனும் இல்லை. தைலம் 15 மில்லி வரை சேர்க்கலாம். சாயத்தைத் தோலுக்குள் இறங்கச் செய்வதில் தைலத்திற்குப் பங்கு உண்டு. நம் வீடுகளில் எளிதில் கிடைப்பது நீலகிரித் தைலம். வளர்ந்தவர்க்கு அது ஆகும், சிறு குழந்தைகளுக்கு வேண்டாம். நம் மாவட்டம் கிராம்புக்குப் பேர்போனதாயிற்றே, கிராம்புத் தைலம் ஊற்றலாமே என்று சிலர் கேட்கலாம். அது தோலை எரிக்கும் இயல்புடையது. கறிக்கும் பல்வலிக்கும் விட்டுவிடுவோம்.

பிசைந்ததை மேற்பரப்பில் காற்றுப் படாதபடி மூடி, அடுக்களையின் வெதுவெதுப்பான மூலையில் வையுங்கள். நம் ஊர் வெப்பத்தில் ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் சாயம் வெளிவந்துவிடும். பக்குவம் அறிய ஒரு வழி உண்டு. மேற்பரப்பு பழுப்பாகி, கிளறினால் உள்ளே பச்சையாக இருக்கும். உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்தால் தெளிவான ஆரஞ்சு தெரிய வேண்டும். தெரிந்த பிறகும் காத்திருந்தால் சாயம் வீணாகும். அப்போதே எஞ்சிய நீரையும் சேர்த்துத் தயிர்ப் பதத்திற்குக் கொண்டுவந்து கோன்களில் அடைத்துவிடுங்கள். ஏறக்குறைய எட்டுக் கோன் வரும். அன்று தேவைப்படாதவற்றை உறையும் பகுதியில் வைத்துவிடலாம். ஒருமுறை இளகியதை மீண்டும் உறைய வைப்பதால் பயனில்லை.

எந்த நாளில் இடுவது என்பதே இதில் முதன்மையானது. வெள்ளிக்கிழமை காலையில் குழைத்து, மாலையில் இட்டுவிடுங்கள். காயத் தொடங்கும்போது எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் கலந்த நீரைப் பஞ்சினால் ஒற்றி, துணி சுற்றி உறங்கச் செய்யுங்கள். சனிக்கிழமை காலையில் கழுவாமல் சுரண்டி எடுத்து, தேங்காயெண்ணெய் தடவிவிடுங்கள். அப்போது நிறம் ஆரஞ்சு. பெண் முகம் சுளித்தாலும் பொருட்படுத்த வேண்டாம். அன்று மாலைவரை சோப்பும் தண்ணீரும் கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலையில் செங்கல் நிறம் வரும். திங்கள் காலையில், ஆலயத்திற்குப் புறப்படும் நேரத்தில், உள்ளங்கை கருஞ்சிவப்பாகப் பொலியும். புறங்கையும் முழங்கையும் அதைவிட வெளிறியே இருக்கும். அங்கே தோல் மெல்லியது, சாயம் தங்க இடமில்லை. உறவினர் கூடும் ஞாயிறு மாலைச் சடங்கை விட மனமில்லையா? அவரவர் ஒரு பொட்டு வைத்து வாழ்த்திவிட்டுப் போகட்டும். கோலம் முன்பே முடிந்திருக்கட்டும். ஐந்தாறு நாளில் மேல்தோல் உதிர உதிர நிறமும் மங்கத் தொடங்கி, ஒன்றிரண்டு வாரத்தில் மறையும். பாத்திரம் தேய்க்கும் கையில் இன்னும் விரைவாக.

சோதித்துப் பார்ப்பதைக் கடைசியில் கூறுகிறோமேயன்றி, செய்ய வேண்டியது முதலில்தான். திருமணத்திற்கு ஒரு வாரம் முன்பே, இடப்போகிற அதே பொடியிலிருந்தும் அதே தைலத்திலிருந்தும் சிறிது குழைத்து, முழங்கையின் உட்புறம் ஒரு பட்டாணி அளவு வைத்து, சில மணி நேரம் விட்டுக் களையுங்கள். இரண்டு நாள் கவனியுங்கள். அரிப்பு, தடிப்பு, சிவந்த வீக்கம், சிறு கொப்புளம் எதுவும் இல்லையெனில் இடலாம். தூய மருதாணி ஒத்துக்கொள்ளாதவர் மிகச் சிலரே. அவர்களுக்கும் பெரும்பாலும் தைலமே காரணமாக இருக்கும்.

ஆனால் இச்சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. பொருள் இன்னதென்று தெரியாத கறுப்புக் கோனைச் சோதித்து, "இரண்டு நாளில் ஒன்றும் இல்லை, ஆகவே நல்லது" என்று முடிவுகட்ட முடியாது. முதன்முறையாக பி.பி.டி.யைச் சந்திக்கும் உடல் அதனை எதிரியாக அடையாளம் காண ஒரு வாரம், பத்து நாள், அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும். சோதனைப் பொட்டில் ஒன்றும் தெரியாமல் போய், இரண்டாம் முறை முழுக் கையில் இடும்போது சீற்றம் வெளிப்படும். சோதனைக்காக வைத்த அப்பொட்டே ஒவ்வாமையைத் தொடங்கிவைக்கவும் கூடும். எனவே கறுப்புக் கோனுக்குச் சோதனை என்பதே இல்லை, வாங்காதிருத்தலே வழி.

கைக்குழந்தைகளுக்கு மருதாணியே வேண்டாம், தூயதாயினும். ஜி.சிக்ஸ்.பி.டி. என்னும் நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகள் உண்டு. லாசோன் தோல்வழி உட்சென்று அவர்களது இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அக்குறை வெளியில் தெரியாது. பெற்றோரே அறியாமல் இருப்பார்கள். மருதாணி இட்ட ஓரிரு நாளில் குழந்தை வெளிறியோ மஞ்சள் பூத்தோ சோர்ந்தோ, சிறுநீர் கட்டன்சாயா நிறத்திலோ கண்டால் தாமதமின்றி மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். மருதாணி இட்டதையும் சொல்லுங்கள். இக்குறை உள்ளதென்று அறிந்த பெரியவர்களும் தவிர்க்க வேண்டும்.

தவறுதலாகக் கறுப்புக் கோன் இட்டு அரிப்பெடுத்தால், உடனே சோப்பும் மிகுதியான நீரும் கொண்டு கழுவுங்கள். நிறம் போகாது, எஞ்சிய பொருளாவது போகும். சுண்ணாம்பு, மஞ்சள், பற்பசை ஆகிய கைவைத்தியங்கள் புண்ணை மிகுவிக்கும். கொப்புளம் கண்டால் மருத்துவரை நாடுங்கள். முகமோ உதடோ வீங்கினாலும் மூச்சுத் திணறினாலும் அவர் வீட்டுக்கன்று, நேரே மருத்துவமனைக்கே செல்லுங்கள். கோனின் உறையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். குணமான பிறகு அந்நிகழ்ச்சியைக் குடும்பத்தின் மருத்துவக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பல்லாண்டுகள் கழித்து அப்பெண் தலைச்சாயம் வாங்க நினைக்கும் நாளில், அந்தக் குறிப்பு அவள் கண்ணில் பட வேண்டும்.